அம்மாவுக்கு இருப்பது வயிற்றுப்போக்கு அல்ல

வணக்கம் டாக்டர். அம்மாவுக்கு 74 வயது. போன ஜூனிலிருந்து மலச்சிக்கல். நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் போகிறது, அதுவும் புழுக்கை புழுக்கையாக. தினமும் இரவு இசப்கோல் இரண்டு ஸ்பூன் கொடுக்கிறேன். இப்போது இருபது நாளாக நேர்மாறாக, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை தண்ணீராகக் கசிகிறது. புடவையிலேயே பட்டுவிடுகிறது. மருந்துக்கடையில் கேட்டு லோபரமைடு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி வருகிறது. சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பிடும் மாத்திரைகள்: பிரஷருக்கு அம்லோடிபின் (போன பொங்கல் சமயத்தில் 5 மி.கி.யை 10 ஆக்கினார்கள்), கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு (மார்ச்), அவசரமாகச் சிறுநீர் வருவதற்கு சோலிஃபெனசின் (மே), மூட்டுவலிக்கு டிரமடால் கலந்த பாராசிட்டமால் இரண்டு வேளை (ஆகஸ்ட்), ஹீமோகுளோபின் 9.4 என்பதால் இரும்புச்சத்து மாத்திரை, கூடவே கால்சியம் (அக்டோபர்). கொஞ்சம் இளைத்தும் இருக்கிறார். இரவில் எழுந்திருக்கப் பயந்து தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை.

நார்ச்சத்தை இன்னும் கூட்டலாமா? விளக்கெண்ணெய் கொடுத்து ஒரேயடியாகச் சுத்தம் பண்ணிவிடலாம் என்கிறார் சித்தி. மலமிளக்கி கொடுத்தால் பழகிவிடுமா? கொலனோஸ்கோபி தேவையா? இந்த வயதில் அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

லோபரமைடை இன்றே நிறுத்துங்கள். இசப்கோலையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளையோ நாளை மறுநாளோ அம்மாவை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஏன் என்பதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். இந்த நான்கையும் முதலில் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

மாதக்கணக்கில் மலச்சிக்கல் இருந்த முதியவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், அதை வயிற்றுப்போக்கு என்று நான் எளிதில் நம்ப மாட்டேன். மலக்குடலில் காய்ந்த மலம் உருண்டையாக இறுகி, அடைப்பான் போல் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் மலம் இளகி, அந்த உருண்டையின் ஓரங்களில் வழிந்து வெளியே வருகிறது. வாய்க்காலில் மண் அடைத்துக்கொண்டால் பக்கவாட்டில் நீர் கசியுமே, அப்படி. வெளியே வருவது தண்ணீர், உள்ளே இருப்பது கட்டி. நீங்கள் கொடுத்த லோபரமைடு குடலின் அசைவைக் குறைக்கும் மருந்து. கசிவு இரண்டு நாள் நின்றது குணமானதால் அல்ல, குடல் இன்னும் மந்தமானதால். அந்த இரண்டு நாளில் கட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். உண்மையான வயிற்றுப்போக்கில் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், போனபின் வயிறு லேசாகும். கசிவில் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி அளவுதான் வரும், பல நேரம் வருவதே தெரியாது, போனபின்பும் இன்னும் ஏதோ இருக்கிற மாதிரியே இருக்கும். பசி போய்விடும், வயிறு உப்பும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைத்தான் ஒத்திருக்கிறது.

இதை உறுதி செய்ய ஸ்கேன் வேண்டியதில்லை. மருத்துவர் கையுறை மாட்டி, ஜெல் தடவி, விரலை விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுபதைத் தாண்டிய எத்தனையோ பேர் ஆறு மாதம், ஒரு வருடம் மலச்சிக்கலுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், இந்த ஒரு நிமிடப் பரிசோதனை மட்டும் நடந்திருக்காது. அம்மா கூச்சப்படுவார், மருத்துவரும் சில சமயம் தயங்குவார். நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "உள்ளே மலம் கட்டியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க முடியுமா டாக்டர்?" பெண் மருத்துவராக இருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருக்கும். கட்டி கைக்குத் தட்டுப்படாமல், மேலே இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள்.

கட்டி இருந்தால், மரக்கச் செய்யும் ஜெல்லைத் தடவி விரலால் உடைத்து எடுப்பதோ எனிமா கொடுப்பதோ அங்கேயே நடக்கும். ஒரே நாளில் முழுவதும் வராமல் இரண்டு மூன்று நாள் ஆகலாம். இதில் ஒரு எச்சரிக்கை. கடையில் சுலபமாகக் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவை வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அந்த பாஸ்பேட் ரத்தத்தில் ஏறி, கால்சியத்தை இறக்கி, உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. அம்மாவின் கிரியாட்டினின் அளவு தெரியாமல் அதைத் தொடக்கூடாது.

மலம் உள்ளே தேங்கினால் விஷம் ரத்தத்தில் கலக்கும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கலக்காது. ஆனால் இறுகிய மலம் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிறுநீர் சரியாக வெளியேறாமல் சொட்டுச் சொட்டாகப் போகும். முக்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து கழிப்பறையிலேயே மயங்கி விழுவார்கள். சில முதியவர்கள் பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறுவார்கள், கட்டியை எடுத்ததும் தெளிந்துவிடுவார்கள். இவைதான் உண்மையான ஆபத்துகள்.

மாத்திரைகளை மாத வரிசையில் வைத்துப் பாருங்கள்

என்னிடம் வரும் முதியவர்களிடம் மருந்துச் சீட்டைக் கேட்க மாட்டேன். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள் என்பேன். மேசையில் கொட்டி, எது முதலில் வந்தது, எது அதற்குப் பின்னால் வந்தது என்று வரிசையாக அடுக்குவோம். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் அடைப்புக்குறிக்குள் மாதத்தைப் போட்டு அனுப்பியதால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

அம்லோடிபின் ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து. 5 மி.கி. 10 ஆகும்போது பலருக்குக் கணுக்கால் வீங்கும். அது உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல, விரிந்த குழாயிலிருந்து நீர் வெளியே ஊறுவதால் வருவது. அதனால் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு இந்த வீக்கத்துக்கு அவ்வளவாக உதவாது. ஆனால் தன் வேலையைச் செய்யும், உடம்பிலிருந்து நீரை இழுக்கும். அம்மாவுக்கு அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வர ஆரம்பித்தது. அதை ஒரு புது நோயாக எடுத்துக்கொண்டு மே மாதம் சோலிஃபெனசின் வந்தது. அது சிறுநீர்ப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும், கூடவே குடலின் அசைவையும் குறைக்கும், வாயையும் உலர்த்தும். அடுத்த மாதம் மலச்சிக்கல். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் பக்கவிளைவுக்கு மற்றொன்று. இதில் எந்த மருத்துவரும் தவறான மருந்தை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த ஒரு தொல்லையை மட்டும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஆகஸ்டில் டிரமடால் சேர்ந்தது. இது அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. குடலின் தள்ளு அலைகளைத் தடுத்து, மலத்தில் இருக்கும் நீரையும் குடல் உறிஞ்சிக்கொள்ள நேரம் கொடுக்கும். தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. டிரமடால் எழுதும்போதே மலமிளக்கியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது பால பாடம், நடைமுறையில் மறந்துபோகும். அக்டோபரில் வந்த இரும்பும் கால்சியமும் தனித்தனியாகப் பார்த்தால் லேசான மலச்சிக்கல்தான் தரும். ஏற்கெனவே நின்றுபோன வண்டியின் மேல் ஏற்றிய கூடுதல் மூட்டை அவை.

ஃபுரோசமைடுக்கு இன்னொரு பங்கும் உண்டு. அது ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோர்ந்துபோகும். அதோடு அம்மா தண்ணீரையும் குறைத்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு நாளை காலை எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்த டிரமடாலைத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். ஃபுரோசமைடு இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ எழுதப்பட்டிருந்தால் அதை நிறுத்துவது ஆபத்து. பிரஷர் மருந்து எழுதிய மருத்துவரிடம் இந்த வரிசையைக் காட்டி, வரிசையின் தொடக்கத்திலிருந்தே அவிழ்க்கச் சொல்லுங்கள். அம்லோடிபினை 5 மி.கி.க்கு இறக்கி டெல்மிசார்டான் போன்ற ஒன்றைச் சேர்த்தால் ரத்த அழுத்தமும் கட்டுப்படும், வீக்கமும் பெரும்பாலும் வடியும். எக்கோ, சிறுநீரில் புரதம் இரண்டும் சரியாக இருந்து, வீக்கத்துக்கு வேறு காரணம் இல்லையென்றால் ஃபுரோசமைடை விடலாம். அது போனால் சிறுநீர் அவசரமும் குறையும், சோலிஃபெனசினுக்கு வேலையே இருக்காது. அப்போதும் அவசரம் நீடித்தால் மிராபெக்ரான் என்ற வேறு வகை இருக்கிறது. அது குடலை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு டிரமடால் கலக்காத பாராசிட்டமால், மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி ஆகியவற்றோடு டிரமடாலை மெல்லக் குறைக்கலாம். டிரமடாலுக்குப் பதிலாகக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள், பிரஷர் மருந்தும் ஃபுரோசமைடும் சாப்பிடுபவரின் சிறுநீரகத்தைச் சீக்கிரம் கெடுக்கும்.

கால்சியத்தோடு வைட்டமின் டி 60,000 யூனிட் பொட்டலமோ கேப்சூலோ கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியதை தினம் ஒன்று என்று சாப்பிட்டவர்களையும், வருடக்கணக்கில் நிறுத்தாமல் சாப்பிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அதுவே மலச்சிக்கல், பசியின்மை, அசதி மூன்றையும் கொண்டுவரும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு, சர்க்கரை. இவை போதும்.

நார்ச்சத்தும் தண்ணீரும்

நார்ச்சத்து நல்லதுதான், எல்லா நேரத்திலும் அல்ல. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பி, மலத்தைப் பருமனாக்கி, குடலை அசையத் தூண்டும். அசையத் தயாராக இருக்கும் குடலுக்கு இது உதவும். டிரமடாலும் சோலிஃபெனசினும் கட்டிப்போட்ட குடலில், கீழே அடைப்பும் இருக்கும்போது, பருமனைக் கூட்டுவது நெரிசலில் நிற்கும் பஸ்ஸில் இன்னும் பத்துப் பேரை ஏற்றுவது போல. அதிலும் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது உள்ளேயே களியாகி நின்றுவிடும்.

அடைப்பு நீங்கி, மருந்துகளும் ஒழுங்கான பிறகு இசப்கோலைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒருமுறை கூட்டுங்கள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு முழு டம்ளர், அதாவது கால் லிட்டர் தண்ணீர் வேண்டும். கலக்கியதும் கெட்டியாகும் முன் குடிக்க வேண்டும், உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும், குடித்துவிட்டு உடனே படுக்கக்கூடாது. தொண்டையில் சிக்கியவர்கள் உண்டு. அதனால் இரவுக்குப் பதில் காலை நேரம் நல்லது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரையையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் பல் போனவர்கள் காய்கறியை ஒதுக்கிவிட்டு ரசம் சாதம், இட்லி, மோர்சாதத்தில் ஒதுங்கிவிடுவார்கள். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூட இருக்காது. அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் ஆறு கிராம் வரை இருக்கும், நடுத்தரக் கொய்யா ஒன்றில் ஐந்து கிராமுக்குக் குறையாது. நாளுக்கு 25 கிராம் இலக்கு. அதை ஒரே வாரத்தில் எட்டினால் வயிறு உப்பி, "இதெல்லாம் எனக்கு ஒத்துக்கலை" என்று அம்மா தட்டைத் தள்ளிவிடுவார். கடிக்க முடியாவிட்டால் கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து மசித்து, கீரையைக் கடைந்து, அவரைக்காயைக் கூட்டாக, பழுத்த பப்பாளியைத் துண்டாகக் கொடுங்கள். இரவில் ஒரு வாழைப்பழம் என்பது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். அதில் மூன்று கிராம் நார் இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் டிரமடாலை எதிர்த்து ஒரு வாழைப்பழத்தால் எதுவும் செய்ய முடியாது.

தண்ணீரைப் பற்றி எல்லோரும் இரண்டு விதத்திலும் மிகைப்படுத்துகிறார்கள். போதுமான அளவு குடிக்கும் ஒருவர் இன்னும் இரண்டு லிட்டர் குடித்தால் மலம் இளகாது, சிறுநீர்தான் கூடும். ஆனால் அம்மா பயந்து குறைத்துக்கொண்டவர், அவருக்கு நிச்சயம் கூட்ட வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். அப்படி எதுவும் இல்லையென்றால் மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டருக்குள். ஒரு லிட்டர் பாட்டிலை காலையில் நிரப்பி அம்மா பக்கத்தில் வைத்துவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குள் அது காலியாக வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் சில வாய் போதும். ஃபுரோசமைடு இன்னும் தொடரும் நாட்களில் அதைக் காலையில் கொடுத்தால் இரவில் எழுந்திருக்க வேண்டிய தொல்லையும் குறையும். தண்ணீரைக் குறைப்பதைவிட இது நல்ல வழி.

உட்காரும் விதம்

மூட்டுவலி வந்ததும் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியிருப்பார் என்று ஊகிக்கிறேன். மாறத்தான் வேண்டும், தப்பில்லை. ஆனால் குந்தி உட்காரும்போது மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். நாற்காலி மாதிரி உட்காரும்போது அந்த வளைவு முழுவதும் நிமிராது. குள்ளமான அம்மாக்களுக்குக் கால் தரையிலேயே படாமல் தொங்கும், அப்போது முக்கவும் முடியாது.

ஆறு முதல் எட்டு அங்குல உயரத்தில், வழுக்காத ஒரு முக்காலியைக் காலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வர வேண்டும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், முழங்கை தொடையில் இருக்கட்டும். முழங்காலை அவ்வளவு மடக்க வலித்தால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்திவிடுங்கள். காலை காபியோ டிபனோ உள்ளே போனதும் பெருங்குடல் தானாக ஒருமுறை அசையும். அந்த அரை மணி நேரத்துக்குள் உட்கார வேண்டும். பத்து நிமிடத்துக்குமேல் உட்கார்ந்து முக்கக் கூடாது. வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம், அடுத்த சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலமிளக்கி பழகிவிடுமா?

கட்டியை எடுத்த பிறகு பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூளை எழுதுவார்கள். 17 கிராம் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, நாளுக்கு ஒரு வேளை. இது உடம்பில் சேராது, தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு மலத்தை இளக்கும். முதல் நாளே பலன் தராது, இரண்டு மூன்று நாள் ஆகும். பலரும் முதல் நாளே கைவிடுவதால் இதைச் சொல்கிறேன். லாக்டுலோஸ் சிரப்பும் உதவும், ஆனால் சிலருக்கு வாயு கூடும். இவை போதாவிட்டால், குறிப்பாக டிரமடால் தொடரும் வரை, இரவில் ஒரு பிசகோடில் 5 மி.கி. அல்லது சென்னா சேர்ப்பார்கள். சென்னா வேறொன்றும் இல்லை, நம்மூர் நிலாவரை இலைதான்.

இவற்றை எடுத்தால் குடல் சோம்பேறியாகிவிடும் என்ற பயம் பழையது. சரியான அளவில் எடுத்தால் அப்படி ஆவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நிறுத்தியதும் மலச்சிக்கல் திரும்பினால், மலச்சிக்கலுக்கான காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்றுதான் அர்த்தம். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவது கண்ணாடி பழகியதால் அல்லவே.

கடைக்காரர் தரும் வெள்ளை நிற மலமிளக்கி திரவங்களில் லிக்விட் பாரஃபினும் மெக்னீசியமும் கலந்தவை உண்டு. விழுங்கும்போது இருமுபவர்களுக்கு அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மெக்னீசியம் தேங்கும். அம்மாவின் ரத்த முடிவுகள் வரும்வரை இது வேண்டாம்.

சித்தியின் விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். சின்ன வயதில் எனக்கும் கொடுத்திருக்கிறார்கள், அதன் வாசனை இன்னும் மறக்கவில்லை. கீழே அடைப்பு இருக்கும்போது மேலிருந்து வலுவாகத் தள்ளும் மருந்தைக் கொடுத்தால் முறுக்கி முறுக்கி வலிக்கும், கட்டி நகராது. அடைப்பு இல்லாதபோதும், ஃபுரோசமைடு சாப்பிடுபவர் ஒரே நாளில் பத்துமுறை போனால் நீரும் பொட்டாசியமும் இழந்து மயங்கிவிடுவார். அப்புறம் ஒரு விஷயம். பேதிக்குக் கொடுத்துக் குடலைக் காலி செய்தால், அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் மலம் வராதது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு "மறுபடி சிக்கிக்கொண்டது" என்று இன்னொரு பேதி கொடுப்பார்கள், இந்தச் சுழல் பல வீடுகளில் வருடக்கணக்கில் ஓடுகிறது. தினமும் போயே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. சிரமமில்லாமல், மெத்தென்று, வாரத்தில் மூன்று முறை போனாலும் அது சரியான அளவுதான். நாள் எண்ணிக்கையைவிட மலத்தின் உருவத்தைக் கவனியுங்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் மருந்து போதவில்லை, தோலுரித்த வாழைப்பழம் மாதிரி இருந்தால் சரி, கூழாகப் போனால் அளவைக் குறைக்க வேண்டும்.

கொலனோஸ்கோபி

நீண்டநாள் மலச்சிக்கல் என்பதற்காக மட்டும் எல்லா முதியவருக்கும் கொலனோஸ்கோபி செய்யத் தேவையில்லை. அம்மாவின் மலச்சிக்கலுக்கு மாத்திரைகளே போதுமான காரணம். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று ஹீமோகுளோபின் 9.4. இன்னொன்று அம்மா உடல் இளைத்திருப்பது.

மாதவிடாய் நின்று பல வருடம் ஆன ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.4 என்றால், இரும்பு மாத்திரை கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ரத்தம் எங்கே போகிறது என்பது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்றால், வயிற்றிலோ குடலிலோ புண், கட்டி, மெதுவான கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவில் மாதக்கணக்கில் ரத்தம் கசியலாம். இரும்பு மாத்திரை எண்ணிக்கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் காரணத்தை மறைத்துவிடும். மலத்தையும் கறுப்பாக்கிவிடும் என்பதால் ரத்தம் கலந்த கறுப்பையும் கண்டுபிடிக்க விடாது. மாத்திரையால் வரும் கறுப்பு கொஞ்சம் பச்சை கலந்து, கெட்டியாக இருக்கும். ரத்தத்தால் வரும் கறுப்பு தார் மாதிரி பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான நாற்றம் அடிக்கும். அப்படி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அக்டோபர் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்வது அது. அந்த எண் 80க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும். உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் வேண்டும், நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரும்புக் குறைவு இல்லை, சிறுநீரகத்தாலோ வேறு காரணத்தாலோ வந்த சோகை என்று தெரிந்தால் வழி வேறு. இரும்புக் குறைவுதான் என்றால் மேலே எண்டோஸ்கோபி, கீழே கொலனோஸ்கோபி இரண்டையும் செய்துவிடுவதே என் யோசனை. எடையையும் இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள். பழைய எடை தெரியாவிட்டால் ஜாக்கெட் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக்கூட மருத்துவரிடம் சொல்லலாம், அது பொருளற்ற தகவல் அல்ல.

குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வயதில் உள்ளே விட்டுப் பார்க்கும் குழாயைவிட, அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவும் மருந்துதான் அதிகம் படுத்தும். அதனால் முதலில் அடைப்பை நீக்கி, கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்துவிட்டு, பிறகு தேதி வாங்குங்கள். பாஸ்பேட் கலந்த கழுவும் மருந்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஃபுரோசமைடு கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குடல் சுவர் கறுப்பாகப் பூசிக்கொண்டு எதுவும் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நின்றால், எட்டுப் பத்து மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், அம்மா குழம்பிப் பேச ஆரம்பித்தால், இரவு எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வி. அம்மாவிடம் தனியாக இருக்கும்போது கேளுங்கள்: மலம் கழிக்க விரலால் எடுக்க வேண்டியிருக்கிறதா, அல்லது பெண்ணுறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் வருகிறதா? பல அம்மாக்கள் இதை வருடக்கணக்கில் செய்துகொண்டிருப்பார்கள், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆம் என்றால், மலக்குடலின் முன்சுவர் தளர்ந்து பையாகத் தொங்குவதாலோ, முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்வதாலோ இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையைச் சீர்செய்தாலும் தொல்லை பாதிதான் தீரும், இடுப்படித் தசைப் பயிற்சி தேவைப்படும். அம்மா சொல்லக் கூச்சப்பட்டால், மருத்துவரிடம் கொடுக்கும் மாத்திரைப் பட்டியலின் அடியில் நீங்களே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.